கனசதுரத்தின் ஏழு அச்சுகள்

கனசதுரப் படிகங்களில் இரட்டை ஒளிவிலகல் நிகழ்வதில்லை என்பது ஒளியியல் பாடநூல்களில் தவறாமல் இடம்பெறும் ஒரு வாக்கியம். உப்பு, வைரம், ஃபுளூரைட் ஆகியவற்றினூடே ஒளி எத்திசையில் சென்றாலும் அதன் வேகம் ஒன்றே என்று மாணவர்கள் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். 2001ஆம் ஆண்டில், இந்த வாக்கியத்தை நம்பி உருவாகிக்கொண்டிருந்த ஒரு தொழில்நுட்பம் தடுமாறி நின்றது. வாக்கியம் பொய்யன்று. அது எந்த எல்லைக்குள் மெய் என்பதுதான் பலருக்கும் மறந்துபோயிருந்தது.

எல்லை எங்கே வருகிறது என்று காண, விதி எங்கிருந்து பிறக்கிறது என்பதை முதலில் காண வேண்டும். கால்சைட் துண்டொன்றை அச்செழுத்தின் மீது வைத்தால் எழுத்து இரண்டாகத் தெரியும். 1669இல் டென்மார்க்கைச் சேர்ந்த எராஸ்மஸ் பார்த்தோலின் இதை விரிவாக எழுதினார். துண்டைச் சுழற்றினால் ஒரு பிம்பம் அசையாதிருக்க, மற்றொன்று அதைச் சுற்றிவரும். உள்ளே நுழைந்த ஒளி, ஒன்றுக்கொன்று செங்குத்தாக அதிரும் இரு கதிர்களாகப் பிரிகிறது. மஞ்சள் ஒளியில் சாதாரணக் கதிருக்கு ஒளிவிலகல் எண் 1.658. அசாதாரணக் கதிருக்கு அது திசையைப் பொறுத்து மாறி, 1.486 வரை இறங்குகிறது. ஆயினும் ஒரே ஒரு திசையில் செல்லும் ஒளி பிரிவதில்லை. அதுவே ஒளி அச்சு. அச்சு என்றதும் படிகத்தின் நடுவே ஓடும் ஒரு கோடு மனத்தில் தோன்றுகிறது. இங்கே அச்சொல் குறிப்பது ஒரு திசையை மட்டுமே. படிகத்தை எத்தனை துண்டுகளாக உடைத்தாலும் ஒவ்வொரு துண்டிலும் அத்திசை முழுமையாக இருக்கிறது.

ஒளியின் மின்புலம் எத்திசையில் அதிர்கிறதோ அத்திசைக்குரிய ஒளிவிலகல் எண்ணை நீளமாகக் கொண்டு, ஒரு மையத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் கோடுகள் வரைந்தால், அவற்றின் நுனிகள் சேர்ந்து ஒரு நீள்கோளத்தை உருவாக்கும். படிகத்தை எவ்வாறு சுழற்றினால் அது முன்போலவே தோன்றுமோ, அவ்வாறு சுழற்றும்போது இந்த நீள்கோளமும் முன்போலவே தோன்ற வேண்டும். விதி முழுவதும் இந்த ஒரு நிபந்தனைக்குள் அடங்குகிறது. சமச்சீர்மை குறைந்த படிகத்தில் நீள்கோளத்தின் மூன்று நீளங்களும் வெவ்வேறாக இருக்கலாம். தேய்ந்த சோப்புக்கட்டியை ஒத்த அவ்வடிவத்தை மையத்தின் வழியே வெட்டினால், சரியாக இரண்டு வெட்டுகள் மட்டும் வட்டமாக அமையும். ஆகவே அதற்கு இரண்டு ஒளி அச்சுகள். கால்சைட்டில் மூன்றில் ஒரு சுற்றுச் சுழற்றினால் மாறாத ஓர் அச்சு உண்டு. அந்நிபந்தனைக்கு இணங்கும் நீள்கோளம், கடைசலில் கடைந்த பம்பரம்போல் அந்த அச்சைச் சுற்றி உருண்டையாகத்தான் இருக்க முடியும். கனசதுரத்திலோ அத்தகைய அச்சுகள் நான்கு, எதிரெதிர் மூலைகளை இணைத்துச் செல்கின்றன. நான்கு திசைகளைச் சுற்றியும் ஒருசேர உருண்டையாக இருக்கக்கூடிய நீள்கோளம் பந்து ஒன்றே. பந்தை எப்படி வெட்டினாலும் வட்டம். ஆகவே எத்திசையிலும் பிரிவு இல்லை.

நிறுவல் பழுதற்றது. ஆனால் அது தொடக்கத்திலேயே ஒன்றை எடுத்துக்கொண்டுவிட்டது: படிகத்தின் ஒளியியல் பண்பை ஒரு நீள்கோளத்தால் சொல்லிவிடலாம் என்பதே அது. ஒளியின் அலைநீளம் அணுக்களின் இடைவெளியைவிட அளவற்றுப் பெரியதாயின் அது சரி. அலைநீளம் குறையக் குறைய, ஓர் அணுவிடத்தில் உள்ள மின்புலமும் அடுத்த அணுவிடத்தில் உள்ள மின்புலமும் சற்றே வேறுபடுகின்றன. அப்போது மின்புலம் அதிரும் திசையோடு, அலை செல்லும் திசையும் படிகத்தின் எதிர்வினையில் பங்குகொள்கிறது. இத்தனை திசைகளைச் சார்ந்த பண்பை நீள்கோளத்தில் அடக்க முடியாது. அவ்வகைப் பண்புகளைத் திசைசாராதவையாக்கும் வலிமை கனசதுரச் சமச்சீர்மைக்கு இல்லை. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை: உப்பு கனசதுரப் படிகம்தான், ஆயினும் அதன் விறைப்பு திசைக்குத் திசை மாறுகிறது. ஒளிக்கும் இவ்வாறு நேரலாம் என்று லோரன்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கணித்தார். கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் விளைவு மிகச் சிறியது என்பதால் எவருக்கும் அது தொல்லை தரவில்லை.

தொல்லை, கணினிச் சில்லுகளைச் செய்யும் லித்தோகிராஃபியிலிருந்து வந்தது. (அதைத் தமிழில் ஒளி அச்சு என்று பெயர்க்க நேர்ந்தால் இக்கட்டுரையை எவராலும் படிக்க முடியாமற்போகும்.) சுற்றுகளை மேலும் நுண்மையாகப் பதிக்க 157 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளி தேர்ந்தெடுக்கப்பட்டது. வழக்கமான சிலிக்கா வில்லைகள் அதை உறிஞ்சிவிடும். கால்சியம் ஃபுளூரைடு உறிஞ்சாது, கனசதுரமும் கூட. வளர்த்த படிகத்தில் தங்கும் அகத்தகைவு மட்டுமே இரட்டை ஒளிவிலகலை உண்டாக்கும் என்று கருதிய உற்பத்தியாளர்கள், அதை மெல்ல மெல்லக் குளிர்வித்து அத்தகைவைத் தணிக்க உழைத்துக்கொண்டிருந்தனர். இலக்கு, ஒரு சென்டிமீட்டர் தடிப்பைக் கடக்கையில் இரு கதிர்களுக்கிடையே 1 நானோமீட்டர் பின்னடைவு.

அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள், தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜான் பர்னெட், சக்கரி லெவின், எரிக் ஷெர்லி ஆகியோர் கணித்தும் அளந்தும் கண்டது வேறு. தகைவே இல்லாத கால்சியம் ஃபுளூரைடிலும் பின்னடைவு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 11 நானோமீட்டர். பத்து சென்டிமீட்டர் தடிப்பைக் கடந்தால் அது 110 நானோமீட்டர், அதாவது அரை அலைநீளத்துக்கும் மேல். அவ்வாறு குலைந்த ஒளியால் கூரிய பிம்பம் அமையாது.

இது தகைவின் வேலையன்று என்பதை எப்படி அறிவது? தகைவால் வரும் பிரிவு துண்டுக்குத் துண்டு, ஒரே துண்டில் இடத்துக்கு இடம் மாறும். நன்கு பதப்படுத்தினால் குறையும். இது எத்துண்டிலும் மாறாது, திசையை மட்டுமே சார்ந்தது. அலைநீளம் குறையும்போது செங்குத்தாக ஏறுவது. கனசதுரத்தின் முகங்களுக்குச் செங்குத்தான மூன்று திசைகளிலும், மூலைகளை இணைக்கும் நான்கு திசைகளிலும் அது சுழி. எதிரெதிர் விளிம்புகளின் நடுப்புள்ளிகளை இணைக்கும் ஆறு திசைகளில் உச்சம். ஒளி அச்சே இல்லை என்றோ, எல்லாத் திசையும் ஒளி அச்சே என்றோ சொல்லப்பட்ட படிகத்துக்கு இப்போது ஏழு அச்சுகள்! இதில் ஒரு வஞ்சகமும் இருந்தது. வில்லைக்கான வட்டுகள் பெரும்பாலும் மூலைத் திசைக்குச் செங்குத்தாக அறுக்கப்படுபவை. வட்டின் நடுவே நேராக ஒளியைச் செலுத்திச் சோதிப்பவருக்கு இப்பிரிவு தென்படாது. அத்திசையிலிருந்து சுமார் 35 பாகை சாயும் கதிரே உச்சத்தைச் சந்திக்கிறது.

தீர்வும் சமச்சீர்மையிலிருந்தே வந்தது. மூலைத் திசையில் அறுத்த இரு வில்லைகளில் ஒன்றை மற்றொன்றுக்கு 60 பாகை திருப்பிவைத்தால், மூன்று மடல்களாக இருந்த பிரிவு வட்டமாகச் சீர்ப்படும். முகத் திசையில் அறுத்த இரண்டை 45 பாகை திருப்பிவைத்தால் அங்கும் அவ்வாறே. இவ்விரு இணைகளின் பின்னடைவுகளும் எதிரெதிர்க் குறியுடையவை ஆதலால், தடிப்புகளைத் தக்கவாறு தேர்ந்தால் ஒன்றை மற்றொன்று பெருமளவு ஈடுசெய்யும். பேரியம் ஃபுளூரைடின் பிரிவு எதிர்க்குறியுடையது என்பதால் இரண்டையும் கலந்து ஒரே படிகமாக வளர்க்கும் யோசனையும் எழுந்தது. வில்லையளவுக்குத் தூய கலப்புப் படிகம் வளர்ப்பது எளிதன்று. பின்னர் வேறு காரணங்களும் சேர்ந்து 157 நானோமீட்டர் வழி கைவிடப்பட்டது; தொழில்துறை 193 நானோமீட்டரிலேயே தங்கி, வில்லைக்கும் சில்லுக்கும் இடையே நீரை நிரப்பும் முறைக்கு மாறியது. அந்த அலைநீளத்திலும் கால்சியம் ஃபுளூரைடின் பிரிவு மறைந்துவிடவில்லை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது, அவ்வளவே.