மேளக்காரர் விளம்பரம்

நமது தோட்டத்தில் தவில் வாசிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வாரநாட்களில் செம்பனைக் குலைகளை எண்ணிக் கணக்குச் சொல்லுவது அவர் தொழில். முகூர்த்த நாட்களில் தம்பியின் நாதஸ்வரத்திற்குத் தவில் வாசிப்பது அவர் உயிர். ஆங்கிலப் பள்ளியில் படித்த கிராணி என்ற காரணத்தால் தோட்டத்து விண்ணப்பங்களெல்லாம் நம் மேசைக்கு வருவது வழக்கம். அவருடைய மேளக்குழுவின் விளம்பரமும் அவ்வாறே வந்து சேர்ந்தது.

நாம் அதைச் செய்த விதம் இப்பொழுது நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது. கோயில் திருவிழா ஒன்றில் இரண்டு நாதஸ்வரமும் இரண்டு தவிலும் சேர்ந்து வாசித்தபொழுது எடுத்த முப்பது விநாடிக் காணொளி கைப்பேசியில் இருந்தது. பெரியவரின் மருமகப்பிள்ளை அதன் சொந்த ஒலியை நீக்கிவிட்டு, ஒரு சினிமாப் பாட்டை மேலேற்றினான். கீழே, “சகல சுபகாரியங்களுக்கும் அணுகவும்” என்று எழுதி, ஒரு தொகையையும் போட்டு அனுப்பினோம். அத்தொகை ஒரு நாதஸ்வரம், ஒரு தவில், சுருதிப்பெட்டி இவ்வளவிற்கே என்பதை எழுத நமக்குத் தோன்றவில்லை.

நடந்தது யாதெனில், ஒரு வீட்டார் படத்தைப் பார்த்து நால்வர் வருவார்களென்று நம்பினார்கள். இருவர் போய் இறங்கியதும் மண்டப வாசலிலேயே சச்சரவு மூண்டது. வாசித்து முடித்த பிறகு மீதிப் பணம் இருநூறு வெள்ளியை அவர்கள் கொடுக்கவில்லை. மறுநாள் பெரியவர் நம் அலுவலகத்தின் படியில் நின்றுகொண்டு, “கிராணி ஐயா, முப்பது வருஷமாக என்னை ஏமாற்றுக்காரன் என்று ஒருவரும் சொன்னதில்லை” என்றார். அவர் குரலில் கோபமில்லை. அதுதான் நம்மை உறுத்தியது. அவ்வீட்டாரிடம் குற்றமில்லை, விளம்பரம் எழுதியவர் நாம்.

ஆகையால் இரண்டாம் முறை யோசித்து இறங்கினோம். கல்யாண மேளத்தில் அரிய காரியம் வேகமாக வாசிப்பதன்று. தாலி கட்டும் கணத்தை அறிந்து பாட்டை மாற்றுவதேயாம். ராக ஆலாபனை மெதுவாகச் சென்றுகொண்டிருக்கும்; கை அசைந்தவுடன் அதை விட்டுக் கெட்டிமேளம் முழங்க வேண்டும். ஒட்டி வெட்டிய படத்தில் இதைக் காண முடியாது. எனவே ஒரு திருமணத்தில், வீட்டாரின் அனுமதி பெற்று, தாலிக்கு ஒரு நிமிஷம் முன்னிருந்து அரை நிமிஷம் பின்வரை வெட்டில்லாமல் பிடித்தோம்.

அதிலும் ஒரு சங்கடம் உண்டு. கைப்பேசியைத் தவிலின் அருகில் வைத்தால் ஒவ்வோர் அடிக்கும் அது தன் ஒலியளவைத் தானே அடக்கிக்கொள்ளுகிறது; அப்பொழுது நாதஸ்வரம் கிணற்றிலிருந்து வருவதுபோலக் கேட்கும். முதல் இரண்டு முயற்சிகள் இப்படியே கெட்டன. பிறகு பன்னிரண்டு அடி தள்ளி, நாதஸ்வரத்தின் பக்கமாக வைத்தோம். நிமிர்த்திப் பிடிக்காமல் படுக்கையாகப் பிடித்ததனால் வாசிப்பவர் எத்தனை பேர் என்பதும் ஐயமறத் தெரிந்தது. ஒலியை மாற்றவில்லை. தவிற்கோல் தோலில் படுவதும் ஓசையும் ஒன்றாயிருக்கின்றனவா என்று பார்ப்பவர்களே சோதித்துக்கொள்ளலாம்.

நிற்க. நிகழ்ச்சி நிரலும் இரண்டு எழுத வேண்டியதாயிற்று. வழக்கமான திருமணத்திற்கு முகூர்த்தத்திற்கு ஒரு மணி முன்னதாகக் கம்பீரநாட்டையில் தொடக்கம், மாப்பிள்ளை அழைப்பு, கெட்டிமேளம், மத்தியமாவதியில் மங்களம் என்று முடித்துவிடலாம். புரோகிதரில்லாத சீர்திருத்தத் திருமணத்திலோ சொற்பொழிவுகள் உண்டு. அப்பொழுது மேளம் மௌனமாயிருக்க வேண்டும். அன்றியும் சைகை காட்டுபவர் யார் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். ஒருமுறை தலைமை வகித்தவர் சபையோருக்கு வணக்கம் சொல்லக் கையைத் தூக்கினார். நம் பெரியவர் முழக்கிவிட்டார். தாலியோ இன்னும் தட்டிலேயே இருந்தது! சபை சிரித்து ஓய ஐந்து நிமிஷமாயிற்று. ஆதலால் முன்பதிவுக் குறிப்பில் தேதி, ஊர், மண்டபம், முகூர்த்த நேரம், ஒலிபெருக்கி யார் பொறுப்பு என்பவற்றோடு “சைகை காட்டுபவர் பெயர்” என்றும் ஒரு வரி சேர்த்தோம். தொகைக்கு நேராக, “நாதஸ்வரம் 1, தவில் 1, ஒவ்வொன்று கூடினால் இவ்வளவு, முன்பணம் மூன்றில் ஒரு பங்கு” என்று எழுதினோம்.

முன்னைய படத்தைப் பார்த்தவர்களில் பாதிப்பேர்கூட இதைப் பார்க்கவில்லை என்று மருமகப்பிள்ளைக்கு வருத்தம். அழைப்புகளும் குறைந்தன. இருநூறு வெள்ளியை மறுபடி கேட்கலாமென்று நாம் சொன்னதற்குப் பெரியவர் இணங்கவில்லை.

சென்ற வாரம் அவர் நம் எதிரில் உட்கார்ந்திருக்கையில் தொலைபேசி வந்தது. “படத்தில் இருக்கும் இருவர்தான் வருவீர்களா?” என்று ஓர் அம்மையார் கேட்டார்.

“ஆமாம், அம்மா. நாங்கள் இருவர்தான்.”

“அப்படியானால் இன்னொரு தவில் சேர்த்துக்கொள்ளுங்கள், தொகை அதிலேயே போட்டிருக்கிறதே.”

பெரியவர் நம் மேசைமேலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, “சைகை காட்டுபவர் யார், அம்மா?” என்று கேட்டார்.