ஒண்ணேகால் ரூபாய் டூர்!

"டேய், ரஷ்யன் கிளாஸுக்கெல்லாம் போனியே, இதைக் கொஞ்சம் ரஷ்யன்ல எழுதிக் கொடேன்!" லீவுக்கு வந்தவன் கையில் அம்மா ஒரு பேப்பரைத் திணித்தார். அம்மா வள்ளியூர் பக்கம் டீச்சர். கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ரஷ்ய இன்ஜினீயர் ஒருவரின் பொண்ணு அம்மா கிளாஸ். போன டூருக்கு அவள் மட்டும் வரலை. இங்கிலீஷ் ஸ்லிப் கையெழுத்தாகாமலே பையில் கிடந்ததாம்.

சென்னை கஸ்தூரி ரங்கா சாலை ரஷ்ய மையத்தில் ஆறு மாசம் படிச்ச தெம்பில் அரை மணி நேரத்தில் முடிச்சேன். பத்மநாபபுரம் அரண்மனை, கன்னியாகுமரி, கட்டணம் ரூ.1,250. மறுநாள் அந்தப் பொண்ணோட அம்மா கேட்டாங்களாம்: "ஒண்ணேகால் ரூபாயா?"

ரஷ்யனில் நம்ம கமாதான் தசமப் புள்ளி பாஸ்! ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளி விடணும். 1 250 என்று திருத்தினேன். நேரத்திலும் சொதப்பல். பஸ் 5.30க்குக் கிளம்பி 8.30க்குத் திரும்பும்னு மொட்டையா இருந்தது. அவங்களுக்கு எழுத்தில் 24 மணிக் கணக்கு. 05:30, 20:30 என்று போட்டதும் குழப்பம் தீர்ந்தது. கடைசித் தேதியை '5-ம் தேதி வரை' என்று விட்டால் அஞ்சாம் தேதியும் சேர்த்தியான்னு சந்தேகம் வரும். 'அஞ்சாம் தேதிக்குப் பிந்தாமல்' என்று எழுதிட்டேன்.

நிஜமா வியர்த்தது கடைசி வரியில்தான். 'என் மகள் ____க்கு அனுமதி தருகிறேன்' என்று கோடு போட்டால், அந்த 'க்கு' ரஷ்யனில் பெயரோட வாலிலேயே ஒட்டும். ஆன்னா, ஆன்னெ ஆயிடும். பெயரை நேரா எழுத முடியாது. அதனால் 'குழந்தையின் முழுப்பெயர்:' என்று தனி வரி. 'சம்மதம்'னு போட்டாலும் வம்பு. அப்பா எழுதினா 'ஸக்லாசென்', அம்மா எழுதினா 'ஸக்லாஸ்னா'. ரெண்டு பேருக்கும் பொதுவா 'ரஸ்ரிஷாயு', அதாவது 'அனுமதிக்கிறேன்' என்று மாத்தினேன். கையெழுத்துக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு, பெயரைப் புரியும்படி எழுத. அவங்க ஊர் பாரங்களில் அது வழக்கம்.

ரெண்டே நாளில் கையெழுத்தோடு ஸ்லிப்பும், எண்ணி வச்ச 1250 ரூபாயும் வந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன்.

சாயங்காலமே அம்மாவிடமிருந்து போன். "ஆபீஸ் கிளார்க் அண்ணன் தலையில கை வச்சு உக்காந்திருக்காருடா. பொண்ணு பேரு, அம்மா பேரு எல்லாமே ரஷ்யன் எழுத்துல இருக்காம். எதை எங்க பதிவு பண்றதுன்னு கேக்கறாரு!"

மூணாவது ஸ்லிப்பில் ஒவ்வொரு வரிக்கும் கீழேயே இங்கிலீஷும் சேர்த்தேன். பெயர் எழுதும் இடத்தில் மட்டும், 'பாஸ்போர்ட்டில் உள்ளபடி, இங்கிலீஷ் எழுத்தில்'!