ஒரு சொல், இரு தலைப்பு

ஆரம்பாக்கத்து மாணவி ஒருத்தி, வகுப்பில் கையால் எழுதிய புணர்ச்சிக் குறிப்புகளைத் தந்தையின் கைப்பேசியில் தட்டச்சு செய்தாள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு இரவுப் பணிக்குச் செல்லும் அவர் புறப்படுமுன் அதனைத் திருப்பித் தரவேண்டும். அவசரத்தில் குறிப்பு இவ்வாறு அமைந்தது: 'பூங்கொடி தோன்றல் பொற்குடம் திரிதல் மரவேர் கெடுதல் மரக்கிளை'.

மறுநாள் அதனைத் திருப்புதல் தாளாக்க முனைந்தாள். 'விகாரப் புணர்ச்சி' என்று தலைப்பிட்டு, தோன்றல், திரிதல், கெடுதல் ஆகிய மூன்றையும் துணைத்தலைப்புகளாக்கினாள். ஒவ்வொன்றின் கீழும் அதனை அடுத்து வந்த சொல்லை எழுதினாள். தோன்றலின்கீழ்ப் பொற்குடம் வந்தது; பூங்கொடிக்கு இடமே இல்லை. எஞ்சி நின்ற அச்சொல்லே பிழையைக் காட்டிற்று.

சொற்களைப் பிரித்துப் பார்த்தாள். பூ + கொடி என்பதில் 'ங்' தோன்றியுள்ளது. பொன் + குடம் என்பதில் 'ன்', 'ற்' ஆகத் திரிந்துள்ளது. மரம் + வேர் என்பதில் 'ம்' கெட்டுள்ளது. ஆசிரியர் எடுத்துக்காட்டை முன்னும் பெயரைப் பின்னும் கூறியிருந்தார். குறிப்பேட்டில் இரண்டையும் இணைத்த அம்புக்குறி, தட்டச்சில் விடுபட்டிருந்தது.

இப்போது எஞ்சியது மரக்கிளை. மரம் + கிளை என்பதில் 'ம்' கெட்டு, 'க்' தோன்றியுள்ளது. தலைப்புக்கு அடங்காத சொல்லென்று அதனை நீக்கிவிட எண்ணினாள். ஆனால், ஒரு புணர்ச்சியில் இரண்டு, மூன்று விகாரங்களும் வரலாம் என்கிறது நன்னூல். எனவே, கெடுதல், தோன்றல் ஆகிய இரண்டின் கீழும் அதனை எழுதினாள்.

கலைச்சொற்களை இடப்புறமும் பிரித்தெழுதிய சொற்களை வலப்புறமும் அமைத்தாள். பின்னர், வலப்புறத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் தானே பிரித்துச் சொல்லத் தொடங்கினாள்.