சிஏஎஸ் சொல்வதும் வங்கிக் கணக்கு சொல்வதும்

தங்கை மகனின் பிரிட்டன் மாணவர் விசா விண்ணப்பத்தை நேற்று சரிபார்த்தேன். பல்கலைக்கழகம் தந்த சிஏஎஸ்ஸில் கட்டணம் 18,000 பவுண்டு, கட்டியது 6,000. அதன்பின் இன்னொரு 3,000 கட்டியதால், படிவத்தில் 9,000 என்று நிரப்பியிருந்தான். உண்மைதான். ஆனால் அதிகாரி பார்க்கும் சிஏஎஸ் 6,000 என்றுதானே சொல்லும்? அதைத் திருத்தித் தரச்சொல்லி எழுதியிருக்கிறோம். வரும்வரை விண்ணப்பம் போகாது.

அந்த 3,000 போனது அவன் அப்பாவின் கணக்கிலிருந்து; விசாவுக்குக் காட்டுவதும் அதே கணக்கைத்தான். மீதிக் கட்டணமும், அதிகபட்சம் 9 மாத வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிக்கலாம். அந்த 28 நாள் முடிந்ததிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். அதனால் கடைசி இருப்பை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல் ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் படித்தோம்.

பெற்றோர் கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் தேவை. நம் இனிஷியல் தொல்லை இங்கேதான் தலைகாட்டும்: சான்றிதழில் அப்பா பெயர் சுப்பிரமணியன், வங்கியில் ஆர். சுப்பிரமணியம். இருவரும் ஒருவர்தான் என்று அங்கிருப்பவருக்கு எப்படித் தெரியும்? முதலில் வங்கியில் பெயரைத் திருத்தி, புது ஸ்டேட்மென்ட் வாங்கிவிட்டு விண்ணப்பியுங்கள்.