தலையில் தங்கும் மெழுகு

பெருநாள் நெருங்கும்போது கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் சலூன்களில் கிரீம் டின்களும் ஜெல் போத்தல்களும் வேகமாகத் தீர்கின்றன. வாங்குகிறவர் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: முடி எவ்வளவு நேரம் நிற்கும்? கழுவினால் போகுமா என்று கேட்பவர் குறைவு. நாளொன்றுக்கு ஐந்து வேளை ஈரக் கையால் தலையைத் தடவும் ஊரில் முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்பது என் எண்ணம்.

பழைய வகை பொமேட்டின் உடல் பெட்ரோலியம் ஜெல்லியும் தேன்மெழுகும் மினரல் எண்ணெயும். இவை தண்ணீரில் கரைவதில்லை. ஷாம்பூ போட்டாலும் ஒரே தடவையில் முழுதாய்ப் போகாது. நேற்றையதன் மேல் இன்றையது ஏறும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பொமேட்டில் எண்ணெயையும் நீரையும் கலக்கச் செய்யும் பொருள்கள் தாராளமாய் இருப்பதால் அது வெறும் நீரிலேயே இளகி ஓடுகிறது. ஜெல்லில் முடியைப் பிடிப்பது நீரில் கரையும் பாலிமர். காய்ந்ததும் மெல்லிய படலமாகிறது. டின்னின் பின்புறத்தில் அதிகமாய்ச் சேர்க்கப்பட்ட பொருள் முதலில் எழுதப்படும் என்பதால், முதற்பெயர் 'அக்வா' என்றிருந்தால் பலர் திருப்தியடைந்து விடுகிறார்கள். அது போதாது. நீர் முதலில் இருந்தும் அதன் பின்னாலேயே மெழுகு வருகிற கிரீம்கள் உண்டு. நீர் காய்ந்தபின் மெழுகு மட்டும் தலையில் மிஞ்சும். லேபிளைவிட உள்ளங்கை நம்பகமானது. பட்டாணி அளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, சவர்க்காரம் போடாமல் குழாய் நீரில் பிடித்துப் பாருங்கள். வழவழப்பின்றிப் போய்விட்டால் சரி. நீர் முத்து முத்தாக உருண்டு ஓடினால் அந்த டின்னில் என்ன எழுதியிருந்தாலும் அது எண்ணெய் வகைதான்.

மார்க்கத்தின் பக்கமிருந்து ஒரு நியாயமான மறுப்பு வரும். நபிகள் நாயகம் ஹஜ்ஜின்போது தலைமுடியைப் பசைபோன்ற ஒன்றால் படிய வைத்திருந்ததாக ஹதீஸ் இருக்கிறதே, பிறகென்ன? வுழூவைப் பொறுத்தவரை இந்த மறுப்பு வலுவானதுதான். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் தலையின் சிறு பகுதியை மஸ்ஹு செய்தாலே கடமை நிறைவேறும். கடமையான குளிப்பு அப்படியல்ல; எல்லா முடிக்கும் தலைத்தோலுக்கும் நீர் சேர வேண்டும். இமாம் நவவி இங்கே நுட்பமாகப் பிரித்துச் சொல்கிறார்: மெழுகோ மாவோ உறுப்பில் ஒட்டி நீரைத் தடுத்தால் சுத்தம் நிறைவேறாது, திரவ எண்ணெயின் சுவடு மட்டும் இருந்து நீர் தோலைத் தொட்டு ஓடினால் நிறைவேறும். தேங்காயெண்ணெய் தடவிய தலையும் மெழுகேறிய தலையும் ஒன்றல்ல என்பதை வேதியியலும் இப்படித்தான் பார்க்கும். தனிப்பட்ட ஐயங்களை உலமாக்களிடம் கேட்பதே முறை.

தோல் மருத்துவமும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 1970இல் பிளெவிக், ஃபுல்டன், கிளிக்மன் ஆகியோர் 'பொமேட் முகப்பரு' என்று பெயரிட்டு விவரித்தது, நெற்றியிலும் கன்னப்பொறியிலும் முடி எல்லையை ஒட்டி வரும் சிறு பருக்களைத்தான். பரு முகமெங்கும் இல்லாமல் முடியோரத்தில் மட்டும் வரிசைகட்டினால் சந்தேகப்பட வேண்டியது டின்னை. வெயிலிலும் ஹெல்மெட்டுக்குள்ளும் வியர்க்கிறபோது தலையிலுள்ளது நெற்றிக்கு இறங்குகிறது.

'எண்ணெய் வகைதான் கடற்கரைக் காற்றில் நிற்கும், ஜெல் வியர்வையில் விழுந்துவிடும்' என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். நீரில் போவது வியர்வையிலும் போகும். இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது. கலைந்தால் ஈரச் சீப்பால் வாரி மீட்டெடுக்கலாம் என்பது ஜெல்லுக்கும் நீர்ப் பொமேட்டுக்கும் உள்ள வசதி. மெழுகை விட மனமில்லாதவர் கழற்றும் முறையையாவது மாற்ற வேண்டும். நனைக்காத தலையில் முதலில் தேங்காயெண்ணெய் தேய்த்துப் பத்து நிமிடம் விடவேண்டும். மெழுகை இளக்குவது எண்ணெய்தான். அதன் மேலேயே, நீர் ஊற்றுமுன், ஷாம்பூவைப் பிசைந்து பிறகு அலசி, மறுபடி ஒருமுறை ஷாம்பூ. குளியல் சவர்க்காரம் இதற்கு உதவாது: உப்பும் சுண்ணமும் கலந்த கிணற்று நீரில் அது வெண்ணிறக் கசடாகத் திரிந்து முடியிலேயே ஒட்டும். ஜெல்லுக்கு இத்தனை பாடில்லை, ஆனால் விரலால் தோல்வரை அலச வேண்டும். காய்ந்த ஜெல்லைச் சீப்பினால் கோதும்போது உதிரும் வெண்துகளைப் பொடுகு என்று எண்ணி மருந்து ஷாம்பூ வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அன்று இரவே நன்றாக அலசி, மறுநாள் எதுவும் பூசாமல் விட்டுப் பாருங்கள். துகள் நின்றுவிட்டால் அது ஜெல்.

ஹெயர் ஸ்பிரே தனி ரகம். பெரும்பாலானவற்றில் தண்ணீர் அல்ல, ஆல்ககோல்தான் கரைப்பான். அது ஆவியானபின் மிஞ்சுவது பசைப் படலம். அதை அகற்ற வெறும் நீர் போதாது, ஷாம்பூ வேண்டும். அடித்த கையோடு சிகரெட்டோ அடுப்போ பக்கத்தில் வேண்டாம், எளிதில் தீப்பற்றும்.