அரக்குச் சேலை திரும்பி வந்த கதை

கிள்ளானில் இருக்கும் என் அத்தை காரைக்குடியிலிருந்து கண்டாங்கிச் சேலைகளை வரவழைத்து வீட்டிலேயே விற்கிறார். போன தீபாவளிக்கு முன், "இணையத்திலும் விற்றுப் பார்க்கலாமே" என்று நான்தான் கிளப்பிவிட்டேன். கணக்கு வழக்கும் என் தலையில் விழுந்தது.

முதல் சேலை கோத்தா கினபாலுவுக்குப் போனது. விலை 180 ரிங்கிட். அதில் அத்தைக்கு நிற்பது 45. கூரியர் இலவசம் என்று தாராளமாகப் போட்டுவிட்டேன். அட்டைப் பெட்டி, டிஷ்யூ தாள், ரிப்பன் என்று அலங்காரம் வேறு. சேலையின் எடை அரை கிலோதான். ஆனால் கூரியர் கடையில் இரண்டு கிலோவுக்குப் பணம் கேட்டார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்களாம். அந்த எண், உண்மையான எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 35, 25, 10 பெருக்கினால் 8750, வகுத்தால் 1.75. அதையும் இரண்டாக ஏற்றி 24 ரிங்கிட் வாங்கினார்கள். காற்றுக்குக் காசு கொடுத்துச் சபாவுக்கு அனுப்பியிருக்கிறோம்.

ஒரே வாரத்தில் புகார். "படத்தில் சிவப்பு, வந்தது அரக்கு" என்றார் வாங்கியவர். நாங்கள் செலவு கொடுத்து வரவழைத்தோம். "ஒரு விசேஷத்துக்குக் கட்டிட்டு அனுப்புறாங்கம்மா" என்று அத்தைக்குக் கோபம். பிரித்துப் பார்த்தேன். கஞ்சி மடிப்பு கலையவில்லை, கொசுவம் வைத்த சுருக்கம் இல்லை, செண்ட் வாசனையும் இல்லை. தவறு எங்களுடையது. மஞ்சள் விளக்கில் எடுத்த படம் அது. போக 24, வர 24, பெட்டிக்கு 6. ஆக 54 ரிங்கிட். இன்னொரு சேலையின் லாபம் போட்டாலும் ஈடாகாது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று எழுதிடு" என்றார் அத்தை. கடையில் தொட்டுப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு அது சரி. திரையில் பார்க்கிறவர் எதைத் தொடுவார்? பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். கிழிசல், கறை, நிற மாற்றம் என்றால் இருவழிச் செலவும் எங்களுடையது. மனம் மாறினால் திருப்பி அனுப்பும் செலவு அவர்களுடையது. ஆங்காங்கே வரும் சிறு நூல் முடிச்சு கைத்தறியின் இயல்பு என்று படத்தோடு காட்டிவிட்டோம். முந்தானை ஓரத்தில் ஒரு சீட்டையும் தைத்துவிடுகிறோம். அதை வெட்டாமல் சேலையைக் கட்ட முடியாது. வெட்டினால் திருப்பி எடுப்பதில்லை.

இப்போது படம் பகலில், ஜன்னல் ஓரத்தில். பெட்டிக்குப் பதிலாக மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, அதன்மேல் மழை நனைக்காத பிளாஸ்டிக் உறை. துணி இல்லாமல் பிளாஸ்டிக்கில் நேரே வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். அடர் சாயம் பக்கத்து மடிப்பில் ஒட்டிக்கொள்ளும். உறையின் கனம் மூன்று சென்டிமீட்டர்தான், ஒரு கிலோ கட்டணத்திலேயே முடிந்துவிடுகிறது. சபா, சரவாக் கட்டணத்தை விலைக்குப் பக்கத்திலேயே தனியாகக் காட்டுகிறோம்.

அந்த அரக்குச் சேலையை நானே வாங்கிக்கொண்டேன். அத்தை 54 ரிங்கிட்டையும் சேர்த்துத்தான் வாங்கினார்.