செஞ்சிக் கோட்டைக்கு ஒரு வார இறுதி: நேரமும் செலவும்

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை என்பது ஒரே கோட்டையன்று; ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் அவற்றைச் சங்கிலிபோல் இணைத்துச் செல்லும் மதிலையும் சேர்த்தே அப்பெயர் குறிக்கிறது. 1677இல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். 1690இல் தொடங்கிய முகலாய முற்றுகை அவர் மகன் ராஜாராமை வெளியேற்றிக் கோட்டையைப் பிடிக்க 1698 வரை நீண்டது. வருபவரைக் களைப்படையச் செய்வதற்காகவே இங்குள்ள பாதைகளும் வாயில்களும் அமைக்கப்பட்டன. அந்த அமைப்பு இன்று வரும் பயணியையும் விட்டுவைப்பதில்லை என்பதால், எந்த இடத்தை எப்போது பார்ப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது.

தொல்லியல் துறை கோட்டையைக் காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறது. மூடுவதற்குள் இறங்கிவர வேண்டியிருப்பதால், பிற்பகல் முதிர்ந்தபின் ராஜகிரியில் ஏற விடுவதில்லை. சென்னையிலிருந்து சனிக்கிழமை காலை புறப்படுபவர் அன்றே உச்சிக்குப் போக முயன்றால் கடும் வெயிலில் படியேற நேரும். ஆகவே முதல் நாளைக் கீழ்க்கோட்டைக்கும் இரண்டாம் நாள் காலையை ராஜகிரிக்கும் ஒதுக்குவதே சரி.

கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை செல்லும் பேருந்தில் காலை 7 மணிக்கு ஏறினால் பத்தரை மணியளவில் செஞ்சியில் இறங்கிவிடலாம். அறை எடுத்து, மதிய உணவை முடித்துக்கொண்டு, ஊருக்கு மேற்கே சுமார் 2 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோட்டைக்கு ஒரு மணிக்குச் சென்றால், நிழலுள்ள கட்டடங்களுக்குள்ளேயே வெயில் நேரம் கழிந்துவிடும். அவற்றுள் கல்யாண மகால் நின்று பார்க்க வேண்டியது. சதுர முற்றத்தைச் சுற்றி அறைகளும், அதன் நடுவே கூம்புக் கூரையுடைய எட்டு நிலை மாடமும் அமைந்த இக்கட்டடத்தில், சுட்ட மண் குழாய்களின் வழியே மேல்தளங்களுக்கு நீர் கொண்டுசெல்லப்பட்டது. அருகிலுள்ள நெற்களஞ்சியத்தின் தடித்த சுவர்களைக் கண்டால், நீண்ட முற்றுகையைத் தாங்கும் வலிமை பீரங்கியைவிடத் தானியத்திலேயே இருந்தது என்பது புரியும். வெயில் தாழ்ந்தபின், நாயக்கர் காலத்து வேங்கடரமணர் கோயிலை நான்கு மணிக்குப் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம்.

ஞாயிற்றுக்கிழமை 9 மணிக்கு வாயில் திறந்தவுடனே ராஜகிரியில் ஏறத் தொடங்க வேண்டும். ஏறக்குறைய 240 மீட்டர் உயரமுள்ள இக்குன்றில், ஒன்றன்பின் ஒன்றாக வரும் வாயில்களைக் கடந்து ஏற ஒன்றரை மணி நேரமாகும். உச்சிக்குச் சற்று முன்பு பாறை இரண்டாகப் பிளந்து, சுமார் 7 மீட்டர் அகலமும் 18 மீட்டர் ஆழமும் உள்ள பிளவாக நிற்கிறது. இப்போது சிறு பாலத்தில் எளிதாகக் கடக்கப்படும் இந்த இடம்தான் கோட்டையின் உயிர்நிலை. அன்று பாலத்தை எடுத்துவிட்டால், மேலே நிற்கும் சிலரே ஒரு படையைத் தடுத்து நிறுத்தியிருக்க முடியும். மேலே அரங்கநாதர் கோயிலும் களஞ்சியமும் பீரங்கியும் உள்ளன. பன்னிரண்டரைக்குள் கீழிறங்கி, உண்டபின் 2 மணிப் பேருந்தைப் பிடித்தால் மாலைக்குள் சென்னை திரும்பிவிடலாம். கிருஷ்ணகிரியை இந்தத் திட்டத்தில் சேர்க்கவில்லை. இரு குன்றுகளையும் அவசரமாக ஏறி இறங்குவதைவிட ஒன்றை நிதானமாகப் பார்ப்பது மேல்.

இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு ஏறக்குறைய 1,500 ரூபாய் போதும்: போக வரப் பேருந்துக்கு 300, அறைக்கு 500, உணவுக்கு 450, ஆட்டோவுக்கு 200, நுழைவுச்சீட்டுக்கு 50. இந்தியருக்குச் சீட்டு 25 ரூபாய்தான். ஆனால் அது வாங்கிய நாளுக்கு மட்டுமே செல்லுமென்பதால் இரு நாளுக்கும் தனித்தனியே வாங்க வேண்டும். பண்டிகையும் திருவண்ணாமலைப் பௌர்ணமிக் கிரிவலமும் வரும் நாள்களில் இவ்வழிப் பேருந்துகளில் நெரிசல் மிகுதியாதலால், அந்த வார இறுதிகளைத் தவிர்க்க வேண்டும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை மிகச் சில. ராஜகிரிக்கு ஒருவருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, வழுக்காத அடிப்பாகமுள்ள காலணி, உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல்பொடி, சில்லறைப் பணம் ஆகியவை போதும். குரங்குகள் கையிலுள்ள பையைப் பறித்துவிடுமாதலால், தின்பண்டத்தை வெளியே தெரியாமல் ஜிப் போட்டு மூடிய முதுகுப்பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

நேரம் மிஞ்சுபவர்கள் திண்டிவனத்தில் மாறிப் புதுச்சேரி வழியாகவும் திரும்பலாம். செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக் கொண்டுபோன வேலைப்பாடுள்ள கருங்கல் தூண்கள் அங்குக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன.